ஒரே பி.என்.ஆரில் நான்கு பேர், ஒருவருக்கு மட்டும் தேதி மாற்றம்: எப்போது போன் செய்ய வேண்டும், என்ன செலவாகும்

திருப்பூரிலும் ஈரோட்டிலும் பொள்ளாச்சியிலும் இன்று வெளிநாட்டில் மகனோ மகளோ இல்லாத தெரு குறைவு. பிரசவத்துக்கும் பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் பெற்றோர் போய்வருகிறார்கள். போகும்போது குடும்பமாக ஒரே முன்பதிவில் போகிறோம். திரும்பும்போது யாராவது ஒருவர் தங்க வேண்டியதாகிறது. சென்ற 2025 மே மாதம் எங்கள் வீட்டில் நடந்ததும் இதுதான். நான், மனைவி, அப்பா, அம்மா ஆகிய நால்வரும் மே 5 அன்று கோவையிலிருந்து டில்லி சென்று, அங்கிருந்து ஐரோப்பா வழியாகச் சிகாகோ போய்ச் சேர்ந்தோம். ஜூன் 18 அன்று நால்வரும் திரும்புவதாக டிக்கெட். தங்கைக்குச் சிசேரியன் ஆனதால் அம்மா மட்டும் ஆகஸ்ட் வரை இருப்பது என்று முடிவாயிற்று. அந்த ஒரு மாற்றத்தை முடிக்க எனக்கு மூன்று நாட்களும் இரண்டு நீண்ட தொலைபேசி அழைப்புகளும் ஆயின. முதல் அழைப்பிலேயே முடிந்திருக்க வேண்டிய வேலை அது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காக, செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

1. இணையதளம் போதுமா, போன் வேண்டுமா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

முன்பதிவில் உள்ள எல்லோருக்கும் ஒரே மாற்றம், பயணம் இன்னும் தொடங்கவில்லை, எல்லா விமானங்களும் ஒரே நிறுவனத்துடையவை என்றால் இணையதளத்திலேயே மாற்றிவிடுங்கள். போன் செய்தால் தனியாகச் சேவைக் கட்டணம் கேட்பார்கள். இருக்கை, சாப்பாடு போன்றவற்றுக்கும் போன் தேவையில்லை.

எங்கள் டிக்கெட்டில் மூன்று சிக்கல்கள் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. நால்வரில் ஒருவருக்கு மட்டும் மாற்றம் வேண்டும். போகும் பயணம் முடிந்துவிட்டதால் டிக்கெட்டில் பாதி பயன்படுத்தப்பட்டுவிட்டது. திரும்பும் வழியில் ஒரு விமானம் கூட்டாளி நிறுவனத்துடையது. இணையதளத்தில் அம்மாவின் பெயருக்கு மட்டும் டிக் செய்து, தேதியைத் தேர்ந்து, விலை பார்க்கும் பக்கம் வரை போனேன். அங்கே `We are unable to process your request` என்று வந்து நின்றது. மூன்று முறை முயன்றும் அதே பதில்தான். நால்வரையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தால் மட்டும் பக்கம் நகர்ந்தது. அவசரத்தில் அங்கே உறுதி செய்திருந்தால் எங்கள் மூவருடைய ஜூன் 18 இருக்கைகளும் சேர்ந்து போயிருக்கும்.

இந்த மூன்றில் ஒன்று இருந்தாலே இணையதளம் பெரும்பாலும் தடுமாறும். இவற்றுடன், விமான நிறுவனமே நேரத்தை மாற்றிய டிக்கெட்டையும், பிறந்த குழந்தையை முன்பதிவில் சேர்ப்பதையும் போனில் முடிப்பதுதான் நல்லது. பிழைச் செய்தி வந்த திரையைப் படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கட்டணப் பேச்சு வரும்போது அது உதவும்.

2. டிக்கெட்டை வெளியிட்டது யார் என்று பாருங்கள்

ஆறு எழுத்துகள் கொண்ட பி.என்.ஆர். என்பது உங்கள் முன்பதிவின் பெயர் மட்டுமே. பணம் கொடுத்ததற்கான உண்மையான ஆவணம் 13 இலக்க டிக்கெட் எண். மின்னஞ்சலில் வந்த ரசீதில் ஒவ்வொரு பயணியின் பெயருக்கு எதிரிலும் அது இருக்கும். அதன் முதல் மூன்று இலக்கங்கள் எந்த நிறுவனம் டிக்கெட்டை வெளியிட்டது என்பதைச் சொல்லும். 098 என்றால் ஏர் இந்தியா, 176 என்றால் எமிரேட்ஸ், 157 என்றால் கத்தார் ஏர்வேஸ், 220 என்றால் லுஃப்தான்சா, 618 என்றால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். நீங்கள் ஏறப்போகும் விமானம் வேறு நிறுவனத்துடையதாக இருந்தாலும், டிக்கெட்டை மாற்றித் தரும் அதிகாரம் இந்த எண்ணுக்கு உரிய நிறுவனத்திடமே இருக்கிறது. கூட்டாளி நிறுவனத்தை அழைத்தால் அவர்கள் உங்களை இவர்களிடமே திருப்பி அனுப்புவார்கள்.

ஈரோட்டிலோ கோவையிலோ ஒரு டிராவல்ஸ் மூலம் எடுத்த டிக்கெட்டாக இருந்தால், பயணம் தொடங்கும் வரை மாற்றத்தை அந்த முகவரே செய்ய வேண்டும் என்று விமான நிறுவனம் பெரும்பாலும் சொல்லிவிடும். முகவர் தன் பங்குக்கு ஒரு சேவைத் தொகை கேட்பார். அது எவ்வளவு என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் பகுதியில் இன்னொரு பழக்கம் உண்டு. கோவையிலிருந்து நேரடியாகச் செல்லும் வெளிநாட்டு விமானங்கள் குறைவு என்பதால், டில்லி அல்லது சென்னை வரை தனி டிக்கெட்டும் அங்கிருந்து வெளிநாட்டுக்குத் தனி டிக்கெட்டுமாகப் பலர் எடுக்கிறார்கள். அப்படி எடுத்திருந்தால் ஒன்றை மாற்றுவதால் மற்றது மாறாது. இரண்டையும் தனித்தனியாக மாற்றி, இரண்டுக்கும் தனித்தனியாகக் கட்டணம் செலுத்த வேண்டும்.

3. போனை எடுக்கும் முன் இவற்றை ஒரு தாளில் எழுதுங்கள்

மாற்றம் வேண்டிய பயணியின் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, பிறந்த தேதி, பி.என்.ஆர்., டிக்கெட் எண், முன்பதிவில் கொடுத்த மின்னஞ்சலும் கைபேசி எண்ணும். அந்தப் பயணியைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். சில ஊழியர்கள் அவரிடமே சம்மதம் கேட்பார்கள். என் அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. "நான் என்ன கண்ணு சொல்லோணும்?" என்று கேட்டார்கள். பெயரையும் "யெஸ்" என்பதையும் சொன்னது போதுமாக இருந்தது.

அடுத்து, புதிய தேதி இரண்டு எல்லைகளுக்குள் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்று, டிக்கெட்டின் அதிகபட்சத் தங்கும் காலம். சில கட்டணங்களில் ஓராண்டு கிடைக்கும். மலிவான சிலவற்றில் மூன்று அல்லது ஆறு மாதம்தான். ரசீதின் கட்டண விதிகளில் `Maximum stay` என்ற வரியில் அது இருக்கும். மற்றொன்று, அந்த நாட்டில் தங்க அனுமதிக்கப்பட்ட நாள். அமெரிக்கா என்றால் விசாவில் அச்சிட்ட தேதியைப் பார்க்கக் கூடாது. `i94.cbp.dhs.gov` தளத்தில் பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்து, `Admit Until Date` என்று காட்டும் நாளைப் பார்க்க வேண்டும். அம்மாவுக்கு நவம்பர் முதல் வாரம் வரை இருந்ததால் ஆகஸ்ட் மாதம் தடையில்லை.

மூன்றாவதாக, புதிய தேதிகள் மூன்றை விமான எண்களுடன் எழுதி வையுங்கள். அதே வழியில் எந்த நாளில் இருக்கை மலிவு என்பதை இணையதளத்தில் புதிய டிக்கெட் எடுப்பதுபோலத் தேடிப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். "ஆகஸ்டில் எப்போதாவது" என்று கேட்டால் ஊழியர் முதலில் கண்ணில் படும் நாளைச் சொல்வார். எனக்கு ஆகஸ்ட் 16 சனிக்கிழமைக்குக் கட்டண வித்தியாசம் 460 டாலர் என்றார்கள். என் தாளில் இரண்டாவதாக இருந்த ஆகஸ்ட் 20 புதன்கிழமையைக் கேட்டதும் அது 175 டாலராக இறங்கியது. மாற்றத்தில் பெரிய தொகை பெரும்பாலும் இங்கேதான் கூடுகிறது, அல்லது குறைகிறது.

4. சரியான எண்ணை, சரியான நேரத்தில் அழையுங்கள்

எண்ணை விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தோ செயலியிலிருந்தோ டிக்கெட் ரசீதிலிருந்தோ மட்டும் எடுங்கள். தேடுபொறியில் நிறுவனத்தின் பெயரையும் "கஸ்டமர் கேர்" என்பதையும் சேர்த்துத் தேடினால் மோசடிக்காரர்களின் எண்களும் வருகின்றன. உண்மையான ஊழியர் ஒருபோதும் ஓ.டி.பி.யை வாயால் சொல்லச் சொல்ல மாட்டார். உங்கள் திரையைக் காட்டும் செயலி எதையும் நிறுவச் சொல்லவும் மாட்டார். அப்படிக் கேட்டால் வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் செய்யுங்கள்.

இந்தியாவில் 1800 என்று தொடங்கும் எண்கள் இலவசம். 1860 என்று தொடங்குபவை இலவசமல்ல. பல கைபேசித் திட்டங்களில் அளவில்லா அழைப்பிலும் அவை சேர்வதில்லை. ஒரு மணி நேரம் காத்திருக்க நேர்ந்தால் அதுவும் ஒரு செலவு. வெளிநாட்டில் இருந்தால் அந்த நாட்டுக்கான கட்டணமில்லா எண்ணையே அழையுங்கள். நான் சிகாகோ நேரப்படி ஜூன் 3 செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு அழைத்தேன். 55 நிமிடம் காத்திருந்த பிறகே ஊழியர் வந்தார். நேரம் போனாலும் பரவாயில்லை, பழைய விமானம் புறப்படுவதற்குப் பல நாட்கள் முன்பே அழையுங்கள். மாற்றாமலே அந்த விமானத்தைத் தவறவிட்டால் வராதவர் என்று பதிவாகி, அதன்பின் உள்ள பகுதிகள் எல்லாம் ரத்தாகலாம். மாற்றக் கட்டணமும் கூடும்.

5. பேசும்போது இந்த வரிசையில் கேளுங்கள்

"என் அம்மாவை மட்டும் இந்த முன்பதிவிலிருந்து பிரித்துத் தனி பி.என்.ஆர். கொடுங்கள்" என்பதே முதல் வாக்கியமாக இருக்கட்டும். இதற்கு ஆங்கிலத்தில் `split PNR` என்று சொன்னால் ஊழியருக்கு உடனே புரியும். பிரித்தவுடன் புதிய ஆறெழுத்தை எழுதிக்கொண்டு, மற்ற மூவரும் பழைய தேதியிலேயே இருக்கிறார்களா என்று கேட்டு உறுதி செய்யுங்கள்.

அதன் பிறகே புதிய தேதிக்கு விலை கேளுங்கள். மொத்தத் தொகையாகச் சொன்னால் ஏற்காமல் நான்காகப் பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். டிக்கெட் விதிப்படி மாற்றக் கட்டணம், பழைய விலைக்கும் புதிய விலைக்கும் உள்ள கட்டண வித்தியாசம், வரி வித்தியாசம், போனில் செய்து தருவதற்கான சேவைக் கட்டணம் ஆகியவையே அந்த நான்கு. முதல் மூன்றையும் இணையத்தில் செய்தாலும் கொடுத்துத்தான் ஆக வேண்டும். நான்காவது மட்டுமே போனுக்கு உரியது. பேசிக் குறைக்க இடமுள்ளதும் அதுதான்.

எனக்குச் சொன்ன கணக்கு இது: மாற்றக் கட்டணம் 120 டாலர், கட்டண வித்தியாசம் 175, வரி வித்தியாசம் 9, போன் சேவைக் கட்டணம் 35, மொத்தம் 339 டாலர். அமெரிக்காவில் இந்தச் சேவைக் கட்டணம் பல நிறுவனங்களில் ஒருவருக்கு 25 டாலரிலிருந்து தொடங்குகிறது. முன்பதிவுக்கு ஒன்று என்றில்லாமல் பயணிக்கு ஒன்று என்று வாங்கினால் நால்வருக்கு நான்கு மடங்காகிவிடும் என்பதால் அதையும் கேளுங்கள். நான் பணிவாக, "உங்கள் தளத்தில் மூன்று முறை முயன்றேன், ஒருவரை மட்டும் மாற்ற அது இடம் தரவில்லை, பிழைச் செய்தியின் படம் என்னிடம் இருக்கிறது" என்றேன். அவர் மேலாளரிடம் கேட்டுவிட்டு வந்து 35 டாலரை நீக்கினார். இணையத்தில் செய்ய முடியாத மாற்றத்துக்குச் சேவைக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் வழக்கம் பல நிறுவனங்களில் இருக்கிறது, ஆனால் கேட்காதவருக்கு அவர்களாக நீக்குவது அரிது. இணையத்தில் செய்திருக்கக் கூடிய எளிய மாற்றத்துக்கு இந்த வாதம் செல்லாது.

மீதி 304 டாலரை இந்திய கிரெடிட் கார்டில் செலுத்தினேன். டாலர் 86 ரூபாய் என்று கொண்டால் 26,144 ரூபாய். என் வங்கி வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு 3.5 சதவீதமும், அந்தத் தொகையின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் எடுத்ததால் ஏறக்குறைய 1,080 ரூபாய் கூடியது. ஆகவே அழைப்பதற்கு முன்பே வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து வையுங்கள். ஓ.டி.பி. இந்திய எண்ணுக்கே வரும் என்பதால் அந்த சிம் ரோமிங்கில் உயிரோடு இருக்க வேண்டும். பணம் கட்டும் இணைப்பை ஊழியர் மின்னஞ்சலில் அனுப்பினால், அந்தப் பக்கத்தில் நீங்களே ஓ.டி.பி.யைத் தட்டச்சு செய்யுங்கள்.

6. புதிய டிக்கெட் எண் வரும் வரை வேலை முடியவில்லை

நான் தவறியது இங்கேதான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். பணம் கட்டினேன், ஊழியர் நன்றி சொன்னார், பத்து நிமிடத்தில் ஆகஸ்ட் 20 என்று புதிய பயண விவரம் மின்னஞ்சலில் வந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் அம்மாவுக்கு இருக்கை தேர்வதற்காகக் கூட்டாளி நிறுவனத்தின் தளத்தைத் திறந்தபோது முன்பதிவு தெரிந்தது, டிக்கெட் எண் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. வந்த மின்னஞ்சலை மறுபடி பார்த்தேன். அதில் இருந்தது மே மாதத்தில் வாங்கிய அதே பழைய 13 இலக்க எண். கார்டிலும் பணம் பிடித்து வைக்கப்பட்டிருந்ததே தவிர, கழிக்கப்படவில்லை.

நடந்தது இதுதான். முன்பதிவை மாற்றுவது ஒரு வேலை. டிக்கெட்டை மறுபடி வெளியிடுவது, அவர்கள் `reissue` என்று சொல்வது, வேறொரு வேலை. முதலாவதை ஊழியர் திரையிலேயே செய்துவிடுகிறார். பாதி பயன்படுத்திய டிக்கெட்டில் புதிய விலையைக் கணக்கிட்டு வெளியிடுவது பல இடங்களில் தனிப் பிரிவின் வரிசைக்குப் போகிறது. அந்த வரிசையில் எங்கள் டிக்கெட் கிடந்துவிட்டது. குறித்த காலத்துக்குள் டிக்கெட் வெளியாகாவிட்டால் கணினி புதிய இருக்கையைத் தானாக ரத்து செய்துவிடும். பழைய ஜூன் 18 இருக்கையோ மாற்றும்போதே கைவிட்டுப் போயிருந்தது. கவனிக்காமல் விட்டிருந்தால், தனியாக ஊர் திரும்ப வேண்டிய அம்மா ஆகஸ்ட் மாதத்தில் விமான நிலையக் கவுன்ட்டரில் நின்றுதான் டிக்கெட் இல்லை என்பதை அறிந்திருப்பார்கள்.

உடனே மறுபடி அழைத்தேன். இரண்டாவது ஊழியர் வரிசையில் கிடந்ததைப் பார்த்து, நான் இணைப்பில் இருக்கும்போதே நாற்பது நிமிடத்தில் வெளியிட்டுத் தந்தார். இதற்கு எந்தக் கட்டணமும் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது.

எனவே முதல் அழைப்பை வைக்கும் முன், "டிக்கெட் மறுபடி வெளியாகிவிட்டதா, புதிய எண்ணை இப்போதே வாசியுங்கள்" என்று கேளுங்கள். முதல் மூன்று இலக்கங்கள் அப்படியே இருக்கும், மீதிப் பத்து இலக்க எண் பழையதாக இல்லாமல் மாறியிருக்க வேண்டும். இன்னும் ஆகவில்லை என்றால் எத்தனை மணி நேரத்தில் ஆகும் என்று கேட்டு, அந்த நேரம் கழிந்ததும் தவறாமல் பாருங்கள். ஊழியரின் பெயர், நேரம், அவர் சொன்ன தொகை ஆகியவற்றைக் குறித்து வைத்தது இரண்டாவது அழைப்பில் எனக்குப் பாதி வேலையை மிச்சப்படுத்தியது.

7. பிரித்த முன்பதிவில் சக்கர நாற்காலியும் சாப்பாடும் இருக்கின்றனவா

முன்பதிவைப் பிரிக்கும்போதும் விமானங்களை மாற்றும்போதும் பழைய கோரிக்கைகள் எல்லாம் கூடவே வரும் என்று நம்ப வேண்டாம். எங்களுக்குச் சைவச் சாப்பாடு வந்திருந்தது, சக்கர நாற்காலி வரவில்லை. ஊழியரிடம் ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். அவர்கள் திரையில் நடக்கச் சிரமப்படுபவருக்கு `WCHR`, படியேற முடியாதவருக்கு `WCHS`, இருக்கை வரை தூக்கிச் செல்ல வேண்டியவருக்கு `WCHC` என்றும், இந்தியச் சைவ உணவுக்கு `AVML` என்றும் இருக்கும். இதற்குப் பெரும்பாலும் கட்டணம் கிடையாது. மொழி தெரியாத அம்மாவோ அப்பாவோ தனியாக இடைநிலையத்தில் விமானம் மாற வேண்டியிருந்தால், நடக்க முடிந்தாலும் `WCHR` கேளுங்கள். அடுத்த வாயில் வரை கூட்டிச் செல்ல ஒருவர் வருவார்.

8. நிறுவனமே நேரத்தை மாற்றியிருந்தால் எதையும் அழுத்தாதீர்கள்

இந்த ஒரு நிலையில் கணக்கு முழுவதும் மாறுகிறது. "உங்கள் விமான நேரம் மாறியுள்ளது" என்று வரும் மின்னஞ்சலில் `Accept` என்ற பொத்தான் இருக்கும். அழுத்தினால் புதிய நேரத்தை ஏற்றுக்கொண்டதாகிவிடும், அதன்பின் நீங்கள் கேட்பது உங்கள் விருப்ப மாற்றமாகவே எண்ணப்படும். அழுத்தாமல் போன் செய்து, அதே நாளிலோ ஒட்டிய நாட்களிலோ வேறு இணைப்பைக் கேட்டால் மாற்றக் கட்டணமும் கட்டண வித்தியாசமும் பெரும்பாலும் இல்லாமல் கொடுப்பார்கள். போன் சேவைக் கட்டணமும் கேட்கக் கூடாது. கேட்டால், மாற்றியது அவர்கள் என்பதைச் சொல்லுங்கள். அமெரிக்காவுக்குச் செல்லும், அங்கிருந்து வரும் பன்னாட்டுப் பயணங்களில், புறப்பாடு 6 மணி நேரமோ அதற்கு மேலோ முன்னதாக நகர்ந்தாலும், போய்ச்சேர்வது அவ்வளவு தாமதமானாலும், மாற்றை ஏற்காதவருக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற விதி 2024 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. கூப்பனாகத் தருகிறோம் என்றால் மறுத்து, பணமாகவே கேட்கலாம்.

அம்மா ஆகஸ்ட் 20 அன்று புறப்பட்டார்கள். இடைநிலையத்தில் பெயர்ப்பலகையுடன் ஒருவர் நின்று சக்கர நாற்காலியில் அடுத்த வாயிலுக்குக் கூட்டிப் போயிருக்கிறார். கோவையில் இறங்கியதும், புதிய டிக்கெட் எண்ணைப் பெரிய எழுத்தில் நான் எழுதிக் கொடுத்திருந்த தாளைக் கைப்பையிலிருந்து எடுத்து, மடிப்புக் கலையாமல் என்னிடம் திருப்பிக் கொடுத்தார்கள்.